ஆறணாப் பங்கை ஆங்கிலத்தில் எழுதுவது: குடும்பக் கூட்டு வியாபார ஒப்பந்தத்துக்கு மூன்று வழிகள்

காங்கேயத்துக்கு அருகே தேங்காய் எண்ணெய் ஆலை நடத்தும் ஒரு குடும்பத்துக்கு, 1994-இல் தமிழில் எழுதிக்கொண்ட கூட்டு வியாபார ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவம் தேவைப்பட்டது. வங்கிக் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தது. வருமானவரி மதிப்பீடும் இப்போது முகமறியா முறையில் நடப்பதால், கோப்பைப் படிக்கும் அதிகாரி தமிழ் அறிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆவண மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் அந்த ஒப்பந்தம் என்னிடம் வந்தது. அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் மொழிபெயர்த்துப் பங்குதாரர்கள் அனைவரும் கையொப்பமிடுவது, வெளி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து உறுதிமொழியும் நோட்டரி சான்றும் பெறுவது, பழையதை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்திலேயே புதிய ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. இங்கே குடும்பத்தின் அடையாளத்தை நீக்கி, எண்களைக் கணக்கிட எளிதாக மாற்றியிருக்கிறேன்.

எந்த வழி பொருந்தும் என்பதை அந்த ஒப்பந்தத்தின் லாபப் பிரிவே தீர்மானித்தது. அது இப்படி இருந்தது: "மேற்படி வியாபாரத்தில் கிடைக்கும் லாபத்தில் எல்லாச் செலவுகளும், நம்மில் ஒவ்வொருவர் முதலுக்கும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும், நம்மில் 1 லக்கமிட்டவருக்கு நிர்வாகம் பார்ப்பதற்காக லாபத்தில் நூற்றுக்குப் பத்தும் போக மீதியை 1 லக்கமிட்டவர் ஆறணாவும், 2, 3 லக்கமிட்டவர்கள் தலா ஐந்தணாவும் வீதம் அடைந்துகொள்ள வேண்டியது. நஷ்டமும் இப்படியே." தசம நாணயம் 1957-இலேயே வந்துவிட்டது, ஆனாலும் அந்த ஊர்ப் பத்திர எழுத்தர் 1994-இலும் அணாவை விடவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் பங்கைச் சொல்வது வியாபாரக் குடும்பங்களில் அப்போதும் வழக்கில் இருந்தது, பத்திரத்தில் 1, 2, 3 என்று எண் இடப்பட்டிருந்த அண்ணன், தம்பி, அக்கா மகன் என்ற இந்த மூவருக்கும் அதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

இந்தப் பிரிவுக்கு இவ்வளவு கவனம் ஏன் என்றால், லாப விகிதத்துக்கு இந்தப் பத்திரத்தைத் தவிர வேறு சாட்சி அநேகமாக இருப்பதில்லை. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி நிறுவனப் பதிவாளரிடம் கொடுக்கும் அறிக்கையில் நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் இடங்கள், பங்குதாரர்களின் பெயரும் முகவரியும், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, கூட்டின் கால அளவு ஆகியவை கேட்கப்படுகின்றன. யாருக்கு எவ்வளவு லாபம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒப்பந்தத்தில் விகிதம் இல்லையென்றால் 13-ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் சம பங்கு என்று ஆகிவிடும். வருமானவரியிலோ, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஒவ்வொருவரின் பங்கும் எழுத்தில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்றது. 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால், பழைய எண்ணைக் கொண்டு தேடுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் வழியையே அந்தக் குடும்பம் முதலில் முயன்றிருந்தது. பொறியியல் படித்த மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துவிட்டார், அவருடைய ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறணா, ஐந்தணா, ஐந்தணா என்பதை அவர் 38, 31, 31 சதவீதம் என்று எழுதியிருந்தார். கூட்டினால் நூறு வருகிறது என்பதால் யாருடைய கண்ணிலும் படவில்லை. பதினாறில் ஆறு என்பது 37.5 சதவீதம், பதினாறில் ஐந்து என்பது 31.25 சதவீதம். பிரிக்க வேண்டிய மீதி 10,80,000 ரூபாய் என்றால், அண்ணனுக்குச் சேர வேண்டியது 4,05,000. மருமகனின் ஆங்கிலப்படி 4,10,400. இந்த 5,400 ரூபாய் மற்ற இருவரிடமிருந்தும் ஆளுக்கு 2,700 வீதம் போகிறது. மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிய ஒப்பந்தங்களில் இதே தவறு வேறு உருவத்தில் வரும்: மூவருக்கும் 33.33 என்று எழுதிவிட்டு, மிச்சமுள்ள 0.01 யாருக்கு என்று யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பின்னமாக இருப்பதைப் பின்னமாகவே எழுதி, சதவீதத்தை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக மட்டும் அடியில் தருவதுதான் சரி.

அதைவிடப் பெரிய பிழை வட்டியில் இருந்தது. "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி" என்பதை அவர் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்று எழுதியிருந்தார். கடன் வாங்கிய அனுபவமுள்ள எவரும் தமிழில் இதை மாதத்துக்கு என்றுதான் படிப்பார்கள். "ஒரு வட்டி" என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், "ஒன்றரை வட்டி" என்றால் 18. மாதம் என்ற சொல் பத்திரத்தில் இல்லாததற்குக் காரணம், அதைச் சொல்ல வேண்டிய தேவை எழுதியவருக்குத் தோன்றவில்லை என்பதே. வட்டிக்கு விட்டும் வாங்கியும் பழகாத ஒரு தலைமுறை அதே வரியைப் படிக்கும்போது, வங்கி வைப்பு விளம்பரத்தைப் படிப்பதுபோல ஆண்டுக்கு என்று எடுத்துக்கொள்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு ஆண்டுக் கணக்கை முழுதாகப் பார்க்கலாம். செலவெல்லாம் போக லாபம் 14,40,000 ரூபாய். போட்ட முதல், அண்ணனுக்குப் பத்து லட்சம், தம்பிக்கு ஆறு லட்சம், அக்கா மகனுக்கு நான்கு லட்சம், ஆக இருபது லட்சம். மாதம் நூற்றுக்கு ஒன்று என்ற வட்டி 2,40,000. மீதி 12,00,000-இல் பத்து சதவீதம் அண்ணனின் நிர்வாக ஊதியம் 1,20,000. பிரிக்க வேண்டியது 10,80,000. வட்டி, ஊதியம், பங்கு எல்லாம் சேர்த்து அண்ணன் 6,45,000, தம்பி 4,09,500, அக்கா மகன் 3,85,500 அடைகிறார்கள். வட்டியை ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால் வட்டி 20,000, ஊதியம் 1,42,000, பிரிக்க வேண்டியது 12,78,000 என்று ஆகி, அண்ணன் 6,31,250, தம்பி 4,05,375, அக்கா மகன் 4,03,375 பெறுவார்கள். குறைந்த முதல் போட்டவருக்கு 17,875 ரூபாய் கூடுகிறது, அதில் 13,750 அண்ணனிடமிருந்தும் 4,125 தம்பியிடமிருந்தும் வருகிறது. ஆங்கில வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் தென்படாத பிழை, கடந்த ஆண்டுக் கணக்கை அந்த வாசகத்தின்படி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே மூன்றில் எந்த வழியை எடுத்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. தமிழைத் தெரியாத ஒருவரிடம் ஆங்கில வடிவத்தையும் லாபத் தொகையையும் முதல் விவரத்தையும் மட்டும் கொடுத்துப் பங்கு போடச் சொல்ல வேண்டும். அவருக்கு வரும் தொகை ஆடிட்டரின் கணக்கில் உள்ள தொகையோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டு மொழிபெயர்ப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. மொழிபெயர்ப்பவர் பங்குதாரர் ஒருவரின் மருமகன். பிழை தற்செயலாக அவருடைய மாமனாருக்குச் சாதகமாக அமைந்துவிட்டால், அது தற்செயல்தான் என்று மற்றவர்கள் நம்புவது அந்த வீட்டில் அன்றைக்கு நிலவும் சூழ்நிலையைப் பொறுத்தது. வெளிநாட்டுக் கொள்முதலாளருக்கு நிறுவனத்தின் அமைப்பைத் தெரிவிக்க மட்டும் ஆங்கிலம் வேண்டுமென்றால் இந்த வழி போதும். லாபப் பிரிவு நேரான சதவீதத்தில் இருந்தாலும் போதும். அணாவும் வட்டியும் ஊதியமும் பின்னிக் கிடக்கும் பிரிவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழியில், தொடர்பற்ற ஒருவர் மொழிபெயர்த்து, மூலத்தின் தேதி, பக்க எண்ணிக்கை, தமக்கு இரு மொழியும் தெரியும் என்பது, எதையும் விடாமலும் சேர்க்காமலும் பெயர்த்திருப்பது ஆகியவற்றைச் சொல்லும் உறுதிமொழியில் கையொப்பமிடுகிறார். தமிழ் மூலத்தின் நகல் அதோடு இணைக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் இருக்கும். நோட்டரி சான்றைப் பற்றி மட்டும் ஒரு தெளிவு தேவை. 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மொழிபெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதையும் நோட்டரியின் பணிகளில் சேர்த்திருக்கிறது. நடைமுறையில் முத்திரை பெரும்பாலும் சொல்வது, மொழிபெயர்ப்பாளர் தம் முன்னால் கையொப்பமிட்டார் என்பதை மட்டுமே. முத்திரை விழுந்துவிட்டதால் ஆறணா சரியாக 37.5 ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்ததாகவே எழுதித் தருகிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வழியின் பலம் என்னவென்றால், மொழிபெயர்ப்பாளருக்கு யார் பக்கமும் இல்லை. பலவீனமும் அதிலேயே இருக்கிறது: தமிழ் தெளிவில்லாமல் இருக்கும் இடத்தில் அவர் தெளிவுபடுத்தக் கூடாது. "லாபத்தில் நூற்றுக்குப் பத்து" என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். எந்த லாபத்தில்? மேலே நான் வட்டி கழித்த 12,00,000-இல் கணக்கிட்டேன். வட்டி கழிக்கும் முன் இருந்த 14,40,000-இல் என்று படித்தால் ஊதியம் 1,44,000. அண்ணனின் மொத்தம் 6,60,000 ஆகி 15,000 ரூபாய் கூடிவிடும். ஊதியத்தையும் கழித்த பிறகு நிற்கும் லாபத்தில் பத்து என்று படித்தால், 12,00,000-ஐ 110-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கி 1,09,091 என்று வரும். தமிழ் வாக்கியம் மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது, ஏனென்றால் "போக" என்ற ஒரே சொல் செலவு, வட்டி, ஊதியம் மூன்றையும் ஒரே மூச்சில் கழித்துவிடுகிறது. எது முதலில் என்று அது சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இயல்பாக ஒரு வாக்கியம் எழுதும்போது வரிசை தானாக வந்து உட்கார்ந்துவிடும், அப்படி வந்து உட்காரும் வரிசையை எந்தப் பங்குதாரரும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அந்த இடத்தில் தெளிவின்மையை அப்படியே பெயர்த்து, மூலத்தில் அடிப்படை எது என்று சொல்லப்படவில்லை என அடிக்குறிப்பு எழுதினேன். இது நேர்மையான மொழிபெயர்ப்பு. ஆனால் கடன் கொடுக்கும் அலுவலகத்துக்கு இப்படி ஒரு குறிப்பு உவப்பானதாக இருக்காது.

வரியிலும் இது உரசும். பங்குதாரருக்குக் கொடுக்கும் ஊதியம் நிறுவனத்தின் செலவாகக் கழிய வேண்டுமானால், ஒப்பந்தத்தில் தொகையோ தொகையைக் கணக்கிடும் முறையோ இருக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996-இல் வெளியிட்ட 739-ஆம் சுற்றறிக்கை சொல்கிறது. மூன்று விதமாகக் கணக்கிட முடிகிற ஒன்றை முறை என்று சொல்வது கடினம். அதே ஒப்பந்தத்தில் "1 லக்கமிட்டவர் வீட்டுச் செலவுக்கு மாதம் பதினைந்தாயிரம் பற்று எடுத்துக்கொள்ளலாம்" என்றும் ஒரு வரி இருந்தது. மருமகன் இதைச் சம்பளம் என்று பெயர்த்திருந்தார். பற்று என்பது தமக்குச் சேர வேண்டிய பங்கிலிருந்து முன்கூட்டி எடுப்பது. ஆண்டு முடிவில் அவர் கணக்கில் கழிந்துவிடும். சம்பளம் என்றால் லாபம் காணும் முன்பே நிறுவனத்தின் செலவாகி, மற்றவர்களின் பங்கையும் குறைக்கும். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இந்த ஒரு சொல் மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் பற்றுக்கு "டிராயிங்ஸ்" என்ற சொல் கணக்கியலில் நிலைத்திருக்கிறது, அதைத்தான் எழுத வேண்டும்.

லக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில வடிவத்தில் "நம்மில் 2 லக்கமிட்டவர்" என்பது அழகாக இல்லை என்று பெயர்களைப் போட்டு, அவற்றை அகர வரிசையில் அடுக்கிய ஒரு வரைவை நான் பார்த்திருக்கிறேன். பங்கு மட்டும் பழைய வரிசையிலேயே "முறையே" என்று நின்றது. எண்ணை மாற்றாமல் வைத்துப் பெயரைப் பக்கத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது வழி, வழக்கறிஞரோ ஆடிட்டரோ ஆங்கிலத்தில் புதிய ஒப்பந்தம் எழுதித் தருவது. வாசகம் தெளிவாக இருக்கும், வரிச் சட்டத்தின் சொற்கள் சரியான இடத்தில் இருக்கும், மொழிபெயர்ப்பு என்ற கேள்வியே எழாது. ஆனால் இது பழைய ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவம் இல்லை. புதிய தேதியில், புதிய முத்திரைத்தாளில், பங்குதாரர்கள் மறுபடியும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஊதியமும் வட்டியும் இந்தத் தேதிக்கு முந்தைய காலத்துக்குப் புதிய ஒப்பந்தத்தின் பலத்தில் கழியாது. ஆயத்த வரைவிலிருந்து எழுதும்போது யாரும் கேட்காத மாற்றங்களும் நுழையும். ஒன்றரை வட்டி என்று எழுதிய பழைய ஒப்பந்தங்கள் இதற்கு நல்ல உதாரணம். பங்குதாரர் வட்டியில் கழிவுக்கான உச்சவரம்பு 2002 மே வரை 18 சதவீதமாக இருந்து, பிறகு 12 ஆகக் குறைந்தது. புதிதாக எழுதுபவர் பழக்கத்தில் 12 என்று போட்டுவிடுவார். சட்டம் குறைத்தது வரிக் கழிவுக்கான அளவைத்தான். பங்குதாரர்கள் தங்களுக்குள் 18 கொடுத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. அதிக முதல் போட்டவருக்கு இந்த ஆறு சதவீதம் சிறிய தொகை இல்லை.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு தடையும் இருந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. முப்பது ஆண்டுகளாகத் தாம் வாசித்துப் புரிந்துகொண்டு கையொப்பமிட்ட பத்திரத்தை விட்டுவிட்டு, பிறர் விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றில் கையொப்பமிட அவர் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கு நியாயமாகவே பட்டது. புதிய பங்குதாரர் சேர்கிறார், ஒருவர் விலகுகிறார், விகிதமே மாறுகிறது என்ற நிலையில் எப்படியும் புதிதாக எழுதியாக வேண்டும். அப்போது இந்த வழி தானாகவே முன்னுக்கு வரும். ஆங்கிலம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தையே மாற்றுவது அதிகம்.

ஆகவே நான் அவர்களுக்குச் சொன்னது இரண்டாவது வழிதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலையோடு. மூவரும் ஆடிட்டர் முன்னிலையில் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் ஒரு பக்க அளவில் தமிழிலேயே துணை ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். அதில் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி என்பதும், நிர்வாக ஊதியம் வட்டியைக் கழித்த பிறகு, ஊதியத்தைக் கழிக்கும் முன் நிற்கும் லாபத்தில் பத்து சதவீதம் என்பதும், ஆறணா என்பது பதினாறில் ஆறு, ஐந்தணா என்பது பதினாறில் ஐந்து என்பதும் இருக்க வேண்டும். 1994 முதல் இதே முறையில்தான் கணக்கு முடித்து வந்திருக்கிறோம் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்க்கச் சொன்னேன். அது உண்மையா என்று ஆடிட்டர் பழைய ஐந்தொகைகளை எடுத்துப் பார்த்தார், உண்மைதான். முந்தைய ஆண்டுகளை யாரும் திருப்பிக் கேட்காமல் இருக்க அந்த வாக்கியம் உதவும். ஆனால் வரிக் கழிவுக்குப் புதிய வாசகம் எழுதிய நாளிலிருந்துதான் துணை நிற்கும் என்று ஆடிட்டர் அவர்களிடம் தனியாகச் சொல்லிவிட்டார். மூலத்தையும் துணை ஒப்பந்தத்தையும் சேர்த்து மொழிபெயர்த்தபோது அந்த அடிக்குறிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரு வாசகங்களுக்கிடையே வேறுபாடு தென்பட்டால் தமிழே செல்லும் என்பதையும் துணை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பில் அப்படி ஒரு வரியை நானாகச் சேர்க்க எனக்கு உரிமையில்லை.

செலவும் நாளும் கூடின. முதல் வழி ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருந்தது. இதற்கு முத்திரைத்தாள், ஆடிட்டர், மொழிபெயர்ப்பு, நோட்டரி என்று மூன்று வாரம் ஆயிற்று. ஆங்கில வடிவத்தை வைத்து ஆடிட்டர் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு பெண் கணக்குப் போட்டுப் பார்த்தார். அண்ணனுக்கு 6,45,000, தம்பிக்கு 4,09,500, அக்கா மகனுக்கு 3,85,500 என்று எழுதிக் காட்டினார். மருமகன் தம் பழைய வரைவைக் கையில் வைத்துக்கொண்டு, 38 என்று போட்ட இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.